பெயரைப் பார்க்காத பணம்

ஆன்லைனில் பணம் அனுப்பும்போது பெறுபவரின் பெயரையும் டைப் செய்கிறோம். அந்தப் பெயரும் கணக்கு எண்ணும் பொருந்துகிறதா என்று வங்கி பார்க்கும் என்பது நம்மில் பலருடைய நம்பிக்கை. ஆனால் எண்ணை மட்டும் வைத்தே வரவு வைக்கலாம் என்று 2010லேயே ரிசர்வ் வங்கி சொல்லிவிட்டது.

2023ல் மதுரையிலிருந்து சித்தி, மகளின் சென்னை வீட்டுக்கு அட்வான்ஸாக 40,000 ரூபாய் அனுப்பினார். கணக்கு எண்ணின் நடுவில் 63 என்பது 36 ஆகிவிட்டது. அப்படி ஒரு கணக்கே இல்லாதிருந்தால் சில மணி நேரத்தில் பணம் தானாகத் திரும்பியிருக்கும். இருந்தது. ஐரோப்பாவில் புழங்கும் ஐபான் எண்ணுக்குள் இரண்டு சரிபார்ப்பு இலக்கங்கள் உண்டு. இலக்கம் இடம் மாறினால் அனுப்பும் முன்பே மாட்டிக்கொள்ளும். நம் வங்கிகளுக்கு அப்படிப் பொதுவான ஏற்பாடு இல்லை.

"பேரு சரியாத்தானேடா போட்டேன்?" என்றார் சித்தி.

பரிவர்த்தனையின் யு.டி.ஆர். எண்ணோடு அவருடைய வங்கிக் கிளையில் எழுதிக் கொடுத்தோம். மேலாளர் சொன்னார்: "உங்க பணம்தாம்மா. ஆனா இப்ப அவர் கணக்குல இருக்கு. அவர் சம்மதிக்காம எடுக்க முடியாது."

எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒரு ரிவர்ஸ் என்ட்ரி போட்டால் முடிகிற வேலைதானே? பிறகுதான் உறைத்தது. அனுப்பியவர் 'தவறிப் போச்சு' என்றதும் பணம் திரும்பிவிடுமென்றால், என் பழைய போனை வாங்கிக்கொண்டு போனவரும் மறுநாள் அதையே சொல்லலாம். இன்று சித்தியைத் தடுக்கும் அதே விதிதான் நாளைக்கு அவர் கணக்கையும் காக்கும்.

சித்தியின் வங்கி அந்த வங்கிக்கு எழுத, அது தன் வாடிக்கையாளரைத் தேடியது. அவர் ஒரு லாரி டிரைவர். பதிவிலிருந்த செல் நம்பர் செத்துப்போயிருந்தது. கடிதம் போய், அவர் கிளைக்கு வர 19 நாள் ஆனது. அதற்குள் அவருடைய கடன் தவணை 11,000 அதிலிருந்தே பிடிக்கப்பட்டிருந்தது. மீதி 29,000 ரூபாயைத் திருப்பிவிட அன்றைக்கே கையெழுத்துப் போட்டார். பாக்கியை இரண்டு மாதத்தில் அனுப்பினார்.

அவர் மறுத்திருந்தால்? தவறுதலாக வந்த பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்கிறது 1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 72ஆம் பிரிவு. சட்டம் சித்தி பக்கம்தான். ஆனால் யார்மேல் வழக்குப் போடுவது? அவருடைய பெயர், முகவரியை வங்கி சும்மா கொடுத்துவிடாது. போலீஸோ நீதிமன்றமோ கேட்க வேண்டும். 40,000 ரூபாய்க்காக எத்தனை பேர் அவ்வளவு தூரம் போவார்கள்?

2025 ஏப்ரலுக்குள் என்.இ.எஃப்.டி., ஆர்.டி.ஜி.எஸ். இரண்டிலும், அனுப்பும் முன்பே கணக்கு யாருடையது என்று காட்டும் வசதியைத் தரும்படி ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொன்னது. எண்ணைப் போட்டதும் வங்கியில் பதிவான பெயர் திரையில் வரும். ஆனால் அதைப் படித்துப் பார்ப்பது இன்னும் நம் வேலைதான். பெயர் வேறாக இருந்தால் அங்கேயே நிறுத்திவிடலாம். அதைத் தாண்டிப் போன பணம், முன்பின் தெரியாத ஒருவர் கையெழுத்துப் போட்டால்தான் திரும்பும்.