வேரைத் தொடாமல் கலைப்பது

ஜினியா விதை லேசானது, காகிதச் சீவல் போல மெலிந்தது. பாக்கெட்டைத் தொட்டியின் மேல் தட்டும்போது எத்தனை விழுந்தன என்று கைக்குத் தெரியாது. புதிய விதையாக இருந்து வெயிலும் ஈரமும் ஒத்துழைத்தால் ஒரு வாரத்துக்குள் பெரும்பாலானவை முளைத்துவிடும். 12 அங்குல அகலமுள்ள தொட்டியில் இருபதுக்கும் மேற்பட்ட நாற்றுகள் தோளோடு தோள் உரசி நிற்பது இப்படித்தான். உயரமாக வளரும் ரகமென்றால் அந்தத் தொட்டி மூன்று செடிகளைத்தான் நன்றாக வளர்க்கும். மற்றவை போயாக வேண்டும் என்பதில் தோட்டம் போடுபவர்களிடையே அதிகம் கருத்து வேறுபாடு இல்லை. எப்படிப் போக வேண்டும் என்பதில்தான் நிற்கப்போகும் மூன்றின் கதி இருக்கிறது. வழக்கமாகச் செய்வதுபோலப் பிடுங்கக் கூடாது. மண் மட்டத்தில் கத்தரிக்க வேண்டும். அதையும் சீக்கிரம் செய்ய வேண்டும்.

காரணம் மண்ணுக்குள் இருக்கிறது. மேலே இரண்டு நாற்றுகளுக்கிடையே ஒரு விரற்கடை இடைவெளி தெரியலாம்; கீழே அந்த இடைவெளி இல்லை. முதல் ஜோடி உண்மை இலைகள் விரியும் நேரத்தில் வேர்கள் பக்கவாட்டில் கிளைத்து, ஒன்றின் வேர் இன்னொன்றின் வேருக்குள் புகுந்திருக்கும். தண்ணீரை உறிஞ்சுவதில் பெரும்பங்கு வேர் நுனிக்குச் சற்றுப் பின்னால் முளைத்திருக்கும் வேர்த்தூவிகளுடையது. கண்ணுக்குச் சட்டென்று தெரியாத அந்த மெல்லிய இழைகள் மண் துகள்களைப் பற்றிக்கொண்டு நிற்கின்றன. ஒரு நாற்றை இழுத்தால் அதோடு வரும் மண் அதற்கு மட்டும் சொந்தமான மண் அல்ல; பக்கத்து நாற்றின் தூவிகள் பற்றியிருந்த மண்ணும் அதில் உண்டு. இழுத்த கையோடு எதுவும் தெரியாது. மறுநாள் உச்சிவெயிலில் தெரியும்: மண் ஈரமாக இருக்கும், நிற்கும் நாற்று மட்டும் தலை தொங்கியிருக்கும். அதைத் தாகம் என்று நினைத்து மேலும் தண்ணீர் ஊற்றுவதுதான் இரண்டாவது சேதம். உறிஞ்ச வேர் இல்லாதபோது ஊற்றிய நீர் மண்ணில் தேங்கி, நாற்றழுகல் நோய்க்கு வழிவிடும். தண்டு மண்ணைத் தொடும் இடத்தில் கருத்துச் சுருங்கி நாற்று சாய்ந்தால் அது அழுகல். தண்டு பச்சையாக, விறைப்பாக இருந்து இலை மட்டும் துவண்டால் வேர் அடிபட்டிருக்கிறது என்றே பெரும்பாலும் கொள்ளலாம். இரண்டு நாள் நிழலில் வைத்தால் தேறும் வாய்ப்பு உண்டு.

கத்தரித்தால் மறுபடி துளிர்க்காதா என்று கேட்பவர்கள் உண்டு. வெட்டும் இடத்தைப் பொறுத்தது அது. நாற்றின் முதல் இரண்டு தடித்த இலைகள் வித்திலைகள். அவை தண்டோடு சேரும் கணுவில் உறங்கும் மொட்டுகள் உள்ளன. அதற்கு மேலே வெட்டினால் ஜினியா அந்தக் கணுவிலிருந்தே இரண்டு கிளைகளாக எழும்பும். கலைக்க நினைத்தது கவாத்து செய்ததாக முடியும். வித்திலைக்கும் மண்ணுக்கும் இடைப்பட்ட வெற்றுத் தண்டில் அப்படி மொட்டு கிடையாது. அங்கே வெட்டப்பட்டது திரும்ப எழாது. நூல் வெட்டும் சிறு கத்தரிக்கோல் போதும். மண் சற்று உலர்ந்த மாலை நல்லது; இலைகள் ஒட்டிக்கொள்ளாது, எதை வெட்டுகிறோம் என்பதும் தெளிவாகத் தெரியும்.

உள்ளே விட்ட வேர் அழுகி மற்றதைக் கெடுக்கும் என்பது இன்னொரு தயக்கம். பெரிய செடியின் வேர்க்கட்டை என்றால் அந்தப் பயத்தில் கொஞ்சம் நியாயம் இருக்கலாம். இரண்டு வார நாற்றின் வேர் இழை அளவே உள்ளது. வடிகால் உள்ள மண்ணில் அது சத்தமில்லாமல் மக்கி, தான் இருந்த இடத்தைச் சிறு துளையாக விட்டுப்போகும். நாற்றழுகலை உண்டாக்கும் பூஞ்சைகள் ஏற்கெனவே மண்ணில் இருப்பவை. அவற்றைத் தூண்டுவது காற்றுப் புகாத நெரிசலும் வடியாத நீரும். நெரிசலைத்தான் நாம் குறைக்கிறோம்.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று உண்டு. நாம் ஏன் தலையிட வேண்டும், வலுவானது தானே வெல்லாதா? வயலிலும் காட்டிலும் ஓரளவு அப்படித்தான் நடக்கிறது. ஆனால் வெல்வதற்குள் எல்லாமே இழந்துவிடும். பச்சை இலை சிவப்பு ஒளியை உறிஞ்சி, அதற்கு அப்பாலுள்ள தொலைச்சிவப்பு ஒளியைப் பெருமளவு திருப்பி அனுப்புகிறது. பக்கத்துச் செடியிலிருந்து வரும் அந்த ஒளியை நாற்று உணர்ந்து, நிழல் விழுவதற்கு முன்பே தண்டை நீட்டத் தொடங்குகிறது. கார்லோஸ் பல்லாரே என்ற ஆய்வாளரும் உடனிருந்தவர்களும் 1990-இல் வெளியிட்ட ஆய்வு இதைக் காட்டியது. ஆகவே இலைகள் ஒன்றன் மேல் ஒன்று ஏறும்வரை காத்திருப்பது தாமதம். அதற்குள் எல்லா நாற்றும் உயரத்துக்காகத் தண்டின் பருமனைச் செலவழித்திருக்கும். அப்படி நீண்ட தண்டு பிறகு எத்தனை இடம் கிடைத்தாலும் குட்டையாகாது. ஜினியாவில் இதன் விலை பூவிலும் தெரியும். பக்கக்கிளை ஒவ்வொன்றின் நுனியிலும் பூக்கும் செடி அது. நெரிசலில் பக்கக்கிளைகள் அடங்கிப்போகும். காற்றோட்டமில்லாத இலைகளில் சாம்பல் நோயும் எளிதாகப் படரும்.

எனவே அந்தத் தொட்டியை இரண்டு தவணையாகக் கலைப்பதே சரி. வித்திலைகள் விரிந்து நடுவில் முதல் உண்மை இலைகள் தலைகாட்டும்போது முதல் தவணை: ஒட்டி நிற்கும் ஜோடிகளில் ஒன்று, வளைந்து முளைத்தது, வித்திலை சிதைந்தது இவற்றை வெட்டி, எட்டு அளவுக்குக் கொண்டுவரலாம். மூன்றையே உடனே விட்டுவைத்தால், ஒரு புழுவோ நத்தையோ ஓரிரவில் தொட்டியைக் காலியாக்கிவிடும்; அந்த எட்டு அதற்கான காப்பு. அடுத்த ஜோடி இலைகள் விரிந்து பக்கத்து இலையைத் தொட நெருங்கும்போது இரண்டாவது தவணை, எட்டு மூன்றாகும். இங்கே கண்ணை ஏமாற்றுவது உயரம். மிக உயரமான நாற்று பல நேரம் ஒளிக்காக அதிகம் நீண்டதுதான். குட்டையாக, தண்டு தடித்து, கணுக்கள் நெருங்கியிருப்பதையே நிறுத்த வேண்டும். அழகான இரண்டு அருகருகே நின்றால் ஒன்று போகத்தான் வேண்டும். சுமாரானதாக இருந்தாலும் தள்ளி நிற்பது தொட்டிக்குப் பயன்படும். ஒன்றையொன்று தாங்கி நின்ற நாற்றுகள் கலைத்தபின் சாயக்கூடும். அரை அங்குல அளவு உலர்ந்த தொட்டிக் கலவையைத் தண்டைச் சுற்றித் தூவி, மறுநாள் பூவாளியால் மெல்ல நீர் விட்டால் நிமிரும்.

வெட்டுவதற்குப் பதில் எடுத்து நட்டால் வீணாகாதே என்ற கேள்விக்கு, ஜினியாவில் பாதி ஒப்புக்கொள்கிறேன். தேவை உண்மையாக இருந்தால் முதல் உண்மை இலைப் பருவத்தில் மண்ணை நனைத்து, கரண்டியால் கொத்தாகப் பெயர்த்து, வேர்களை ஒரு கிண்ணம் நீரில் பிரித்து, தண்டைத் தொடாமல் வித்திலையைப் பிடித்து நடலாம். ஆனால் அது மொத்தக் கொத்தையும் கலைத்து எல்லாவற்றையும் மறுபடி நடுவது. பக்கத்து நாற்றை அசைக்காமல் ஒன்றை மட்டும் எடுப்பது அல்ல. இரண்டையும் ஒரே நேரத்தில் அடைய முடியாது.

சூரியகாந்தியில் அந்தப் பாதி சம்மதமும் கூடாது. மேலே வித்திலை மட்டும் தெரியும்போதே அதன் ஆணிவேர் பல அங்குலம் இறங்கியிருக்கும். அது அறுபட்ட செடி பிழைத்தாலும் பிறகு தேங்கியே நிற்கும். நம் வயல்களில் குழிக்கு இரண்டு விதை ஊன்றி, 10 நாள் வாக்கில் ஒன்றைக் கலைக்கும் முறைக்கு இதுவும் ஒரு காரணம். தொட்டியிலும் அதையே செய்யலாம்: நடுவில் இரண்டு விரற்கடை தள்ளி இரண்டு விதை, பின் ஒன்றுக்கு வெட்டு. உயரமான ரகத்துக்கு 12 அங்குலத் தொட்டியில் ஒரே செடிதான். வெட்டிய சூரியகாந்தி முளைகளை உண்ணலாம், வீட்டில் எடுத்து வைத்த விதையாக இருந்தால். கடைப் பாக்கெட்டின் விதை இளஞ்சிவப்போ பச்சையோ பூசி வந்திருந்தால் அது பெரும்பாலும் பூஞ்சைக்கொல்லி மருந்து. அந்த முளைகளைச் சமையலறைக்குக் கொண்டுபோகாமல் மக்குக் குழியில் போட வேண்டும்.