கேசரிப் பவுடரும் பெருநாள் கூந்தலும்

நோன்புப் பெருநாளுக்கு ஐந்து நாள்கள் இருந்தபோது, பனமலையில் எங்கள் வீட்டு அடுப்பங்கரையில் என் மகள் இரண்டு பொட்டலங்களோடு வந்து நின்றாள். ஒன்று, சந்தையில் எடைபோட்டு வாங்கிய ரோஸ் நிறப் பொடி. மற்றொன்று, ஆரஞ்சுக் குளிர்பானப் பொடி. "முடியின் நுனிக்கு மட்டும்தான் அம்மா. சாப்பிடுகிற பொருள்தானே, என்ன செய்துவிடும்?" என்றாள். வயது பதின்மூன்று.

ரோஸ் பொடியை அந்த நொடியே ஒதுக்கி வைத்தேன். அதில் பெயரும் இல்லை, முகவரியும் இல்லை. 2024 பிப்ரவரியில் நமக்குப் பக்கத்திலுள்ள புதுச்சேரியிலும், அதைத் தொடர்ந்து தமிழகத்திலும் பஞ்சுமிட்டாய்க்குத் தடை விதிக்கப்பட்டதை நாம் மறந்திருக்க மாட்டோம். அதில் கண்டறியப்பட்டது ரோடமைன்-பி என்னும் துணிச்சாயம். உணவில் சேர்க்க அதற்கு அனுமதி இல்லை. தோலிலும் அது எளிதில் போகாதபடி ஒட்டிக்கொள்ளும். உதிரியாக விற்கும் பொடியில் இருப்பது உணவு நிறமா, துணிச்சாயமா என்று கண்ணால் பார்த்துப் பிரித்தறிய இயலாது. ஆகவே "சாப்பிடுகிற பொருள்" என்ற என் மகளின் வாதம் அந்தப் பொட்டலத்திற்குப் பொருந்தவே இல்லை.

குளிர்பானப் பொடியில் வேறொரு சிக்கல். அதில் நிறம் சிறிதளவுதான், பெரும்பகுதி சர்க்கரை. குழைத்துப் பூசினால் முடி பிசுபிசுத்துச் சடைபோல ஒட்டிக்கொள்ளும், எறும்பும் தேடி வரும், நிறமோ ஏறாது.

முற்றிலும் மறுத்தால் என் கண் மறைவில் செய்துவிடுவாளோ என்று அஞ்சினேன். எனவே உரிம எண்ணும் நிறத்தின் பெயரும் அச்சிட்ட கேசரிப் பவுடர் டப்பா ஒன்றை வாங்கினேன். அரை டம்ளர் வெதுவெதுப்பான நீரில் கால் தேக்கரண்டி பொடியும் இரண்டு தேக்கரண்டி வினிகரும் கலந்தோம். புளிப்பு சேரும்போதுதான் இவ்வகை நிறம் முடியின் புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. வெறும் நீரில் கரைத்தால் அலசும்போதே பெரும்பாலும் போய்விடும். முதலில் ஒரு துளியைக் காதின் பின்புறம் தடவி இரண்டு நாள்கள் காத்திருந்தோம். அரிப்போ தடிப்போ தோன்றியிருந்தால் அத்துடன் நிறுத்தியிருப்பேன். கண்ணில் தெறித்தால் வினிகர் எரிக்கும். தலையில் புண்ணோ கீறலோ இருந்தாலும் பூசலாகாது.

மூன்றாம் நாள், ஒரு கற்றையை மட்டும் அரை மணி நேரம் அந்த நீரில் நனைத்து வைத்தாள். அவளுடைய நன்னிமாவின் சீப்பில் சிக்கியிருந்த நரைமுடிகள் சிலவற்றையும் அதே டம்ளரில் போட்டேன். அலசிப் பார்த்தபோது நரைமுடி பளிச்சென்று ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. மகளின் கருங்கூந்தல் கருங்கூந்தலாகவே இருந்தது! நிறம் பிடித்திருந்ததெல்லாம் அவளுடைய விரல்களிலும் கழுத்திலும்தான்.

காரணம் எளிது. இந்த நிறம் முடியின் மேற்புறத்தில்தான் தங்குகிறது. உள்ளே இருக்கும் கருமையை அது போக்காது. கருமுடியில் நிறம் தெரிய வேண்டுமானால் முதலில் முடியை வெளுக்க வேண்டும். வெளுக்கும் மருந்து தலைத்தோலைப் புண்ணாக்கக்கூடும். முடியும் வலுவிழந்து ஒடியும். அப்படி வெளுத்த முடி நிறத்தை ஆழமாக உறிஞ்சுவதால், "ஒரு நாளைக்குத்தான்" என்று பூசியது சில வாரங்கள்கூட நீடிக்கலாம். அதற்கு நான் அனுமதிக்கவில்லை.

அன்று அஸருக்கு ஒளூச் செய்து மஸ்ஹு செய்தபோது அவள் உள்ளங்கை ஆரஞ்சாயிற்று. வெள்ளைத் துப்பட்டாவிலும் கறை படிந்தது. "ஒளூக் கூடுமா அம்மா?" என்று பதறினாள். மருதாணியைப் போல நிறம் மட்டும் தங்கினால் அது தண்ணீரைத் தடுப்பதில்லை. ஒளூவும் குளிப்பும் கூடும். சர்க்கரைப் பசையோ மெழுகோ முடியின்மேல் படலமாகப் படிந்திருந்தால்தான், அதை நீக்கிய பிறகே கடமையான குளிப்பு நிறைவேறும் என்று விளக்கினேன். அல்லாஹ்வே நன்கறிந்தவன்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த நன்னிமா, "அந்த ஆரஞ்சை எனக்குப் பூசேன்" என்று சிரித்தார். மக்கா வெற்றியின்போது அபூபக்ர் (ரலி) அவர்களின் தந்தை அபூகுஹாஃபா வெண்ணிறத் தலைமுடியோடு வந்தார். அந்த நரையை மாற்றுமாறும் கருமையைத் தவிர்க்குமாறும் நபி (ஸல்) அவர்கள் கூறினார்கள். அந்தச் செய்தியை மகளுக்குச் சொல்லிவிட்டு, கொல்லையிலிருந்து மருதாணி பறித்து வரச் சொன்னேன். பெருநாள் காலையில் நன்னிமாவின் தலையும் மகளின் கைகளும் ஒரே நிறத்தில் சிவந்திருந்தன. துப்பட்டாவின் கறை மட்டும் இன்னும் போகவில்லை.