மூன்றுக்கு ஒன்று

எங்கள் வீட்டில் நான்கு பேர். நாய்க்குட்டி வேண்டும் என்று மூன்று பேர், வேண்டாம் என்று ஒருவர். மகள் இந்தக் கணக்கைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னாள். எட்டாம் வகுப்பில் குடிமையியல் படிக்கிற பிள்ளை. "மெஜாரிட்டிப்பா" என்றாள்.

வேண்டாம் என்றவர் என் அம்மா. வயது எழுபத்தொன்று. காரணம் கேட்டால் "வேணாம்னா வேணாம்" என்பதோடு நிறுத்திக்கொண்டார். குட்டி அதற்குள் எங்கள் போர்டிகோவில் ஒரு பழைய சாக்கின் மேல் படுத்திருந்தது. பள்ளி வேன் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில், மழைத்தண்ணீர் ஓடும் சாக்கடை ஓரத்தில் மகள் கண்டெடுத்தது. தாய் நாயைக் காணவில்லை. இரண்டு மாதம் இருக்கலாம் என்றார் கால்நடை மருத்துவர். முதல் நாள் சாயந்திரமே அதற்குச் 'சுண்டல்' என்று பெயர் வைத்தாகிவிட்டது. பெயர் வைத்த பிறகு பேசுகிற பேச்சு வேறு. அதுவரைக்கும் 'அந்தக் குட்டி'. அப்புறம் 'நம்ம சுண்டல்'.

இந்த மாதிரி நேரத்தில் வீடுகளில் வழக்கமாக ஒன்று நடக்கும். மறுக்கிறவரை மெல்லக் கரைப்பது. 'ரெண்டு நாள் இருக்கட்டும், அப்பறம் அவங்களே கொஞ்சுவாங்க' என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் சொன்னார்கள். ஒவ்வொருவரிடமும் அப்படி மனம் மாறிய ஒரு மாமியார் கதையோ தாத்தா கதையோ இருந்தது. உண்மையாகவும் இருக்கும். ஆனால் மனம் மாறாமல், வாயை மூடிக்கொண்டு பத்து வருஷம் அந்த நாயோடு வாழ்ந்தவர்களின் கதையை யாரும் சொல்வதில்லை. அவர்களும் சொல்வதில்லை. நாட்டு நாய் பத்துப் பன்னிரண்டு வருஷம், நன்றாகப் பார்த்துக்கொண்டால் அதற்கு மேலும் இருக்கும். அம்மாவின் மிச்ச ஆயுளைப் பற்றித்தான் நாங்கள் ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்தோம்.

நான்காம் நாள் ராத்திரி, மகள் தூங்கிய பிறகு, அம்மா சொன்னார்.

"எனக்கு ஒரு தம்பி இருந்தான்ல."

தெரியும். சின்ன வயதில் காய்ச்சல் வந்து இறந்துபோனார் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். போட்டோகூடக் கிடையாது.

"காய்ச்சல் இல்லடா. எங்க வீட்டு நாய். செவலை. நாங்க வளத்ததுதான். வெளி நாய் ஒண்ணு வந்து அதைக் கடிச்சிட்டுப் போயிருந்துச்சு, யாரும் பெருசா எடுத்துக்கல. ஒரு மாசம் கழிச்சு என் கெண்டைக்கால்ல கடிச்சிருச்சு. அவன் இழுத்துவிட வந்தான். அவன் விரல்ல பல்லு லேசாக் கீறுச்சு, அவ்வளவுதான். எனக்கு ரத்தம் கொட்டுச்சு, அதனால அப்பா என்னை டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாரு. அவனுக்குச் சின்னக் கீறல்தானேன்னு மிளகாயை அரைச்சு வெச்சாங்க, மந்திரிச்சாங்க."

அறுபதுகளின் தொடக்கம். அம்மாவுக்கு ஒன்பது வயது. சிவகங்கைப் பக்கத்துக் கிராமத்திலிருந்து பதினான்கு நாள், தினமும் பஸ் ஏறிப் போய், தொப்புளைச் சுற்றி வயிற்றில் பதினான்கு ஊசி. ஆட்டு மூளையில் வைரஸை வளர்த்துச் செயலிழக்க வைத்துத் தயாரித்த மருந்து அது. செம்பிள் என்ற பிரிட்டிஷ் மருத்துவர் கசௌலியில் உருவாக்கியது. குன்னூர் பாஸ்டர் நிறுவனத்திலும் பல காலம் தயாரித்தார்கள். மருந்தே சிலருக்குப் பக்கவாதத்தைக் கொண்டுவரும் என்ற ஆபத்து அதில் இருந்தது. இந்தியாவில் 2004 கடைசியில்தான் அதன் தயாரிப்பை முழுதாக நிறுத்தினார்கள்.

தம்பி இரண்டு மாதம் நன்றாகத்தான் இருந்தான். பிறகு ஒரு நாள் விரலில் ஊசி குத்துகிற மாதிரி இருக்கிறது என்றான். மூன்றாம் நாள் பித்தளைச் சொம்பில் தண்ணீர் கொண்டு போனவர் அம்மாதான். அதைப் பார்த்ததும் அவன் தொண்டை இழுத்துக்கொண்டது. அதற்கு மேல் அம்மா சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

"வீட்டு நாய் கடிக்காது, பழகிருச்சுன்னா ஒண்ணும் பண்ணாதுன்னு மட்டும் எங்கிட்டச் சொல்லாத" என்றார்.

அம்மா சம்மதித்துத்தான் அவரையும் கால்நடை மருத்துவரிடம் அழைத்துப் போனேன். பயத்தைப் போக்கிச் சம்மதம் வாங்குவதற்காக இல்லை. அந்தப் பயத்தில் எவ்வளவு இன்றைக்கும் பொருந்தும், எவ்வளவு பொருந்தாது என்று தெரிந்துகொள்ள. எங்களுக்குத்தான் அது அதிகம் தேவைப்பட்டது.

மருத்துவர் முதலில் எங்கள் தைரியத்தைத்தான் குறைத்தார். பொதுவாக நாய்க்குட்டிக்கு ரேபிஸ் தடுப்பூசியை மூன்று மாதத்தில் போடுவார்கள். போட்ட பிறகும் எதிர்ப்புச் சக்தி உருவாக மூன்று நான்கு வாரம் ஆகும். ஆக இரண்டு மாதக் குட்டிக்குக் கிட்டத்தட்ட இன்னும் இரண்டு மாதம் பாதுகாப்பு இல்லை. அதே இரண்டு மாதத்தில்தான் அது விளையாட்டாகக் கடிக்கும். பால்பல் விழுந்து புதுப் பல் முளைக்கிற காலம், கைக்குக் கிடைப்பதையெல்லாம் கவ்வும். தாய் யாரென்று தெரியாத தெருக்குட்டி கீறி ரத்தம் வந்தால் அதையும் கடியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். சோப்புப் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். பிறகு ஊசி. தோல் கிழிந்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் சேர்த்து.

"பத்து நாள் பாத்தாப் போதும்னு சொல்றாங்களே டாக்டர்?" என்று என் மனைவி கேட்டாள்.

எங்களில் பெரும்பாலோர் தவறாகப் புரிந்துவைத்திருக்கிற இடம் இதுதான். கடித்த நாய் கடித்த நாளிலிருந்து பத்து நாள் உயிரோடும் நலமாகவும் இருந்தால், கடித்தபோது அதன் எச்சிலில் வைரஸ் இல்லை என்று அர்த்தம். அவ்வளவுதான். வைரஸ் எச்சிலுக்கு வந்துவிட்டால் நாய் சில நாட்களில் நோயில் விழுந்து இறந்துவிடும் என்பதால் வந்த கணக்கு அது. அந்தப் பத்து நாளும் ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது, தொடங்கிவிட்டுத்தான் பார்க்க வேண்டும். தெருவிலிருந்து வந்த குட்டி நம் வீட்டில் பத்து நாள் நன்றாக இருந்தது என்பதால் அதற்குள் நோய் இல்லை என்று ஆகாது. உடம்புக்குள் நுழைந்த வைரஸ் வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் சத்தமில்லாமல் இருக்கும். செவலை ஒரு மாதம் நன்றாகத்தானே இருந்தது.

பிறகு அவர் மறுபக்கத்தையும் சொன்னார். இன்றைக்கு வயிற்றில் ஊசி கிடையாது. கையில், தசையில் ஐந்து முறை. கடித்த அன்று, மூன்றாம் நாள், ஏழு, பதினான்கு, இருபத்தெட்டு. அரசு மருத்துவமனைகளில் தோலுக்குள் போடும் முறையில் நான்கே முறை. நாய் வளர்க்கிற வீட்டுக்காரர்கள் முன்கூட்டியே மூன்று ஊசி போட்டுக்கொள்ளலாம். அப்புறம் கடிபட்டால் இரண்டு போதும், இம்யூனோகுளோபுலின் தேவையில்லை.

அம்மா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

"இப்ப இருக்கிற இந்த ஊசி அப்பவே இருந்து, அன்னைக்கே போட்டிருந்தா, அவன் பொழச்சிருப்பானா?"

எவன் என்று மருத்துவருக்குத் தெரியாது. ஆனாலும் புரிந்திருக்க வேண்டும். "பொழச்சிருப்பாரும்மா" என்றார்.

ஆட்டோவில் வரும்போது அம்மா பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் அவர் சொன்னதுதான் எங்கள் பேச்சையே வேறு இடத்துக்குக் கொண்டு போனது.

"சரி, பயம் போயிருச்சுன்னே வெச்சுக்க. பகல்ல யாருப்பா பாக்குறது?"

மகள் 7.45 வேனில் போகிறாள். மனைவி ஆசிரியை, எட்டு மணிக்குக் கிளம்பிவிடுவாள். நான் எட்டரைக்கு. முதலில் திரும்பி வருவது மகள்தான், மாலை 4.45. இடையில் எட்டே கால் மணி நேரம் அந்த வீட்டில் அம்மாவும் நாயும் மட்டும். குட்டி எத்தனை மணி நேரம் சிறுநீரை அடக்கும் என்பதற்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: வயதை மாதத்தில் எடுத்து ஒன்றைக் கூட்டிக்கொள்ளலாம். இரண்டு மாதக் குட்டிக்கு அதிகபட்சம் மூன்று மணி நேரம். அந்த வயதில் ஒரு நாளைக்கு நான்கு வேளை சாப்பாடு, அதில் இரண்டு வேளை பகலில் வரும். ஆக அம்மா குறைந்தது இரண்டு முறை அதை வெளியே கொண்டு போக வேண்டும், தவறினால் துடைக்க வேண்டும், இரண்டு முறை சோறு வைக்க வேண்டும். முட்டி வலியால் தரையில் உட்கார்ந்து எழவே சுவரைப் பிடிக்கிறவர். ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார். சின்னக் கீறலுக்கும் ரத்தம் நிற்க நேரமாகும். காலைச் சுற்றி ஓடும் குட்டி தடுக்கி விழுந்தால் இடுப்பு எலும்பு.

மகள் மாலை நடையும் ராத்திரிச் சோறும் தன் பொறுப்பு என்று எழுதியே கொடுத்திருந்தாள். அவள் எழுதியதில் பொய் இல்லை. ஆனால் அந்தத் தாளில் பகல் இல்லை. மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கைத் தலைகளால் எண்ணாமல் மணி நேரத்தால் எண்ணினால், அந்த நாய் அம்மாவின் நாய். வேண்டும் என்றவர்களுக்குக் கொஞ்சுகிற நேரம், வேண்டாம் என்றவருக்கு வேலை நேரம்.

வழிகளைப் பார்த்தோம். பகலுக்கு ஆள் வைப்பது பற்றி விசாரித்தோம். வீட்டு வேலைக்கு வரும் அக்கா ஒரு மணி நேரம்தான் தர முடியும் என்றார், அதுவும் நாய் என்றால் யோசித்தார். போர்டிகோவில் கட்டிப் போடலாம். எட்டு மணி நேரம் கட்டிக் கிடக்கிற குட்டி குரைத்தே வளரும், கயிற்றைக் கண்டாலே சீறும். அதை வளர்ப்பது என்று சொல்ல முடியாது. பன்னிரண்டாம் நாள், வைத்துக்கொள்வதில்லை என்று முடிவு செய்தோம்.

அதை மகளிடம் யார் சொல்வது, எப்படிச் சொல்வது என்பதில்தான் நானும் மனைவியும் அதிக நேரம் செலவழித்தோம். 'அப்பத்தாவுக்குப் புடிக்கல' என்று ஒரே வரியில் முடித்திருக்கலாம். அப்படிச் சொன்னால் அந்தப் பிள்ளை நாயை இழந்ததோடு அப்பத்தாவையும் கொஞ்சம் இழப்பாள். அதனால் மணிக்கணக்கை ஒரு தாளில் போட்டுக் காட்டி, "பகல்ல பாக்க இந்த வீட்டுல ஆள் இல்ல. அதனால நானும் அம்மாவும் வேணாம்னு முடிவு பண்ணிருக்கோம்" என்றேன். அழுதாள். இரண்டு நாள் என்னிடம் பேசவில்லை. தம்பியின் கதையை அம்மாவேதான் பிறகு ஒரு நாள் அவளிடம் சொன்னார், சொம்பை விட்டுவிட்டு.

மனைவியின் சக ஆசிரியை ஒருவர் வீட்டில் குட்டியை எடுத்துக்கொண்டார்கள். அவர் கணவர் வீட்டோடு சேர்ந்தாற்போல் கடை வைத்திருக்கிறார், பகலெல்லாம் ஆள் உண்டு. வீட்டில் எல்லாரையும் கேட்டுவிட்டீர்களா என்று என் மனைவி இரண்டு முறை கேட்ட பிறகுதான் கொடுத்தாள். குடற்புழு மருந்து கொடுத்த தேதி, முதல் தடுப்பூசி தேதி எழுதிய அட்டையையும் சேர்த்துக் கொடுத்தோம். ஆறு மாதம் ஆனதும் கருத்தடை செய்வதாக ஒப்புக்கொண்டார்கள். மகள் மாதம் ஒரு முறை போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். 'காலேஜ் முடிச்சு என் வீட்டுல வளப்பேன்' என்கிறாள். அவள் வீட்டில் பகலில் யார் இருப்பார்கள் என்று அப்போது பார்க்கலாம்.

குட்டிக்கு மூன்று மாதம் ஆன வாரத்தில் அம்மா என் மனைவியிடம், "அந்த டீச்சர் வீட்டுல ஊசி போட்டாங்களான்னு கேளு" என்றார். போட்டுவிட்டார்கள். "வருஷா வருஷம் போடணும்னு டாக்டர் சொன்னாருல்ல, அதையும் சொல்லிரு. மறந்துறப் போறாங்க" என்றார். மனைவி சொன்னாள். அது போதவில்லை போல. பால் கணக்கு நோட்டின் பின் அட்டையில், பென்சிலில், அடுத்த வருஷத்துத் தேதியை அம்மாவே குறித்து வைத்திருக்கிறார்.