சுடச்சுடத் தேத்தண்ணியும் "இருமடங்கு" புற்றுநோயும்

"சூடான தேநீர் குடித்தால் புற்றுநோய் ஆபத்து இருமடங்கு" என்ற செய்தி மறுபடியும் நம்ம வட்ஸ்அப் குழுக்களில் சுற்றத் தொடங்கியிருக்கிறது. கொழுந்தெடுக்கப் போகும் ஒரு மாணவியின் தாய், "டீச்சர், பத்து மணிக்கு மலையில குடிக்கிற சாயத்தண்ணியையும் நிப்பாட்டணுமா?" என்று கேட்டு அனுப்பினார். மலைக் குளிரில் அதுதான் அவருக்கு வயிற்றுக்குச் சூடாகக் கிடைக்கும் ஒரே பொருள். அதனால் நாங்கள் சில ஆசிரியர்கள் உட்கார்ந்து, செய்தியையும் அது எந்த ஆய்விலிருந்து வந்தது என்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தோம்.

செய்தி 2019 மார்ச்சில் உலகம் முழுக்க வந்தது. அதன் வேர் ஈரானின் கோலெஸ்தான் மாகாணத்தில் நடந்த ஒரு ஆய்வு. 40 முதல் 75 வயது வரையான 50,045 பேரைச் சராசரியாகப் பத்து ஆண்டுகள் பின்தொடர்ந்திருக்கிறார்கள். அது நல்ல ஆய்வு என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். "நீங்கள் சூடாகக் குடிப்பீர்களா?" என்று வாயால் கேட்டு மட்டும் எழுதிக்கொள்ளவில்லை. தேநீரை ஊற்றி, வெப்பமானி வைத்து, அது ஆற ஆற "இந்தச் சூட்டில்தான் குடிப்பீர்களா?" என்று கேட்டு அளந்திருக்கிறார்கள். அங்கே மது குடிப்பவர்கள் மிகக் குறைவு. ஆகவே மதுவால் வந்த நோயைத் தேநீர்மேல் போட்டுவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது.

அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கத்தின் ஆய்வாளர்தான் இதில் முதன்மையானவர். சங்கத்தின் பத்திரிகை அறிக்கை ஓரளவு கவனமாகவே பேசியது. ஒரு நாளைக்கு 700 மில்லிலீற்றருக்கு மேல், 60 பாகை அல்லது அதைவிடச் சூட்டில் குடித்தவர்களுக்கு, குறைவாகவும் ஆறவிட்டும் குடித்தவர்களைவிட 90 வீதம் அதிக ஆபத்து என்றது. இங்கே இரண்டு விஷயம் சேர்ந்திருக்கிறது: அளவும் சூடும். "நிறைய, சூடாக" என்ற கூட்டத்தை "கொஞ்சம், ஆறவிட்டு" என்ற கூட்டத்தோடு ஒப்பிட்டால்தான் அந்த 90 வருகிறது. சூட்டை மட்டும் தனியே எடுத்தால் ஆய்வுக் கட்டுரையில் உள்ள கூடுதல் சுமார் 40 வீதம்தான். தலைப்பு எழுதியவர்கள் 700ஐ விட்டார்கள், 60ஐ விட்டார்கள், 90ஐ நூறாக்கி "இருமடங்கு" என்றார்கள். நோய் உணவுக்குழாயில் வரும் ஒரு வகைப் புற்றுநோய் என்பதும் சில இடங்களில் வெறும் "புற்றுநோய்" ஆகிவிட்டது.

அடுத்து நாங்கள் தேடியது, எதன் இருமடங்கு என்பதை. அந்த 50,045 பேரில் பத்து ஆண்டில் இந்த நோய் வந்தவர்கள் 317 பேர். ஆயிரம் பேருக்கு ஆறு பேரளவு. கணக்குக்காக, ஆறவிட்டுக் குடிக்கும் ஆயிரம் பேரில் ஐந்து பேருக்கு வரும் என்று வைத்துக்கொள்வோம். 90 வீதம் கூடினால் அது ஒன்பது அல்லது பத்துப் பேர். மீதி 990 பேருக்கு வராது. அதுவும் கோலெஸ்தான், உலகத்திலேயே இந்த நோய் மிக அதிகமாக உள்ள பகுதிகளில் ஒன்று. 90 என்ற எண்ணைப் பார்த்து வரும் பயமும் ஐந்து பத்தாவதைப் பார்த்து வரும் பயமும் ஒன்றல்ல. எண்கள் இரண்டும் சரியானவைதான்.

"அப்போ சும்மா பயம் காட்டுறாங்களா?" என்று ஒரு சேர் கேட்டார். அதுவும் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2016இலேயே, 65 பாகைக்கு மேல் சூடான பானங்களைப் புற்றுநோயை "உண்டாக்கக்கூடும்" என்ற வகையில் சேர்த்தது. குற்றம் சூட்டில், தேயிலையில் அல்ல. அதே சூட்டில் வெந்நீர் குடித்தாலும் அதே கதைதான். 2018இல் வந்த சீன ஆய்வு ஒன்று, நாலரை இலட்சம் பேரைப் பார்த்து, கொதிக்கக் கொதிக்கத் தேநீரும் அளவுமீறிய மதுவும் சேர்ந்தவர்களுக்கு ஆபத்து ஐந்து மடங்கு என்றது. மதுவும் புகையும் இல்லாதவர்களில் தேநீரின் சூட்டுக்கும் நோய்க்கும் தொடர்பு தெரியவில்லை. ஈரான் ஆய்வு சொல்வதும் சீன ஆய்வு சொல்வதும் இந்த இடத்தில் முழுதாகப் பொருந்தவில்லை. அதைச் செய்தி எதுவும் சொல்லவில்லை.

அந்தத் தாய்க்கு நாங்கள் எழுதிய பதில் சிறியது. சாயத்தண்ணியை நிப்பாட்ட வேண்டாம். ஃப்ளாஸ்க்கிலிருந்து ஊற்றியவுடன் வாயில் வைக்காமல், நம்ம பாட்டிமார் போல இரண்டு கோப்பைக்கு மாற்றி மாற்றி ஆற்றிக் குடிங்க. நாக்கு சுடுகிற சூடு வேண்டாம். வேலை அவசரத்தில் மடக்கென்று விழுங்குவதுதான் பிரச்சினை.

இன்னொன்றையும் சேர்த்தோம், அவர் கேட்காவிட்டாலும். தேத்தண்ணிக்குப் பிறகு வாயில் போடும் வெற்றிலை, பாக்கு, புகையிலை. அதே முகவரகம், புகையிலை சேராத வெற்றிலை பாக்கைக்கூட 2004இலேயே புற்றுநோயை உண்டாக்கும் என்று உறுதியான வகையில் வைத்துவிட்டது. அங்கே "கூடும்" என்ற சொல்லே இல்லை. விழுங்கும்போது சாப்பாடு அடிக்கடி சிக்கினால், தேத்தண்ணியை யோசிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டச் சொல்லியிருக்கிறோம்.