சுருக்கி வரைதலில் நான் கோட்டை விட்ட மூன்று சொற்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படியுங்கள். என் தவறு ஒன்றை ஒப்புக்கொள்ளத்தான் எழுதுகிறேன்.

‘மூன்றில் ஒரு பங்காகச் சுருக்கி வரைக’ என்று சொல்லி, முக்கியக் கருத்தை விட்டவர்களுக்குச் சிவப்பு மையால் சுழித்தவன் நான். என்னிடம் சுழி வாங்கியவர்களில் சிலர் இதைப் படிப்பீர்கள். இப்போது என் முறை.

சில மாதங்களுக்கு முன், என்னிடம் படித்து இன்று மருத்துவராக இருக்கும் ஒருவர் ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையின் பிடிஎஃப் அனுப்பினார். “சார், உங்க பிபி பத்திப் பேசினோமே, இதைப் படிச்சுப் பாருங்க” என்றார். 2015இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்த ஸ்பிரிண்ட் ஆய்வு அது. பொடி எழுத்தில், பக்கத்துக்கு இரண்டு பத்தியாக 14 பக்கம். நான் முதல் பக்கத்தில் இருந்த சுருக்கவுரையையும் நடுவில் இருந்த வரைபடத்தையும் பார்த்தேன். நம் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் பெருமையாக இப்படிப் போட்டேன்: “மேல் அளவு 120க்குக் கீழே வைத்துக்கொண்டால் மரணம் 27 சதவீதம் குறைகிறது. அமெரிக்காவில் 9361 பேரிடம் நடந்த ஆய்வு.”

பத்து நாள் கழித்து அத்தான் போன் செய்தார். அக்கா காலையில் எழுந்ததும் தலை சுற்றி, கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாராம். விசாரித்தால், ராத்திரியில் அரை மாத்திரை கூடுதலாகப் போட்டுக்கொண்டிருக்கிறார். “நீ எழுதினதப் பாத்துத்தான் தம்பி போட்டேன்” என்றார். அடி எதுவும் படவில்லை. டாக்டர் பழைய அளவுக்கே மாற்றிவிட்டார். அக்காவுக்குப் பதினெட்டு வருடமாகச் சர்க்கரை உண்டு.

அன்று இரவு அந்தப் பிடிஎஃபை மறுபடி திறந்தேன். சுருக்கவுரையிலேயே தெளிவாக இருந்தது: ‘சர்க்கரை நோய் இல்லாதவர்கள்’. மூன்றே சொற்கள். எனக்குச் சர்க்கரை இல்லை. அதனால் அவை என் கண்ணில் தங்கவில்லை. எண்ணை வைத்துக்கொண்டு நிபந்தனையை விட்டுவிட்டேன்.

மறுநாள் கட்டுரையை அச்செடுத்து, நோட்டுப் புத்தகத்தில் பகுதி பகுதியாகச் சுருக்கினேன். சுருக்கவுரையை மடித்து வைத்துவிட்டேன், அது ஆசிரியர்களே செய்த சுருக்கம் என்பதால். ஒவ்வொரு பகுதியிடமும் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். விடையின் பக்கத்தில் பக்க எண்ணையும் குறித்தேன்.

அறிமுகத்திடம் கேட்டது: எதைத் தெரிந்துகொள்ள ஆரம்பித்தார்கள்? பொதுவாக இதற்கு விடை அறிமுகத்தின் கடைசிப் பத்தியில் இருக்கும். மேல் அளவை 140க்குக் கீழே வைப்பதைவிட 120க்குக் கீழே வைத்தால் இதய நோய்கள் குறையுமா? என் குறிப்பில் ஒரு வரி, அவ்வளவுதான்.

செய்முறைப் பகுதியிடம் கேட்டது: யார் உள்ளே, யார் வெளியே, என்ன செய்தார்கள்? இந்தப் பகுதியை வேகமாகத் தாண்டிவிடுவதுதான் எல்லோருடைய வழக்கம். நான் இதற்குத்தான் அதிக இடம் கொடுத்தேன். உள்ளே: 50 வயதும் அதற்கு மேலும், மேல் அளவு 130 முதல் 180 வரை, இதய நோய் ஆபத்து கூடுதலாக உள்ளவர்கள். வெளியே: சர்க்கரை நோயாளிகள், முன்பு பக்கவாதம் வந்தவர்கள். இன்னொன்றும் இருந்தது. ஐந்து நிமிடம் அமைதியாக உட்காரவைத்து, கருவியால் மூன்று முறை அளந்து, சராசரி எடுத்திருக்கிறார்கள். மாடிப்படி ஏறி வந்த மூச்சோடு நாம் ஒரு தடவை பார்க்கும் 138, அவர்களுடைய 138 ஆகாது.

முடிவுகளிடம் கேட்டது: நூறு பேரில் எத்தனை பேருக்கு என்ன ஆனது? மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு, இதய நோயால் மரணம் முதலியவற்றை ஒன்றாகச் சேர்த்து எண்ணியிருக்கிறார்கள். 140 குழுவில் 6.8 சதவீதம் பேருக்கு இவற்றில் ஏதாவது ஒன்று வந்தது. 120 குழுவில் 5.2 சதவீதம். இதை ‘நாலில் ஒரு பங்கு குறைந்தது’ என்றும் சொல்லலாம், ‘நூறு பேரில் ஒன்றரைப் பேருக்குக் குறைந்தது’ என்றும் சொல்லலாம். இரண்டும் உண்மை. ஆனால் முதலாவதை மட்டும் எழுதினால் படிப்பவர் மாத்திரை டப்பாவைத் தேடுவார். நான் போட்ட 27 சதவீதமும் அப்படிப்பட்ட எண்தான். அதனால் இப்போது இரண்டையும் சேர்த்தே எழுதுகிறேன். சராசரியாகப் பார்த்தால், 120 குழுவினர் ஒரு மாத்திரை வகை கூடுதலாகச் சாப்பிட்டார்கள் என்பதையும் குறித்துக்கொண்டேன்.

முடிவுகளிலேயே பாதகங்களுக்குத் தனி அட்டவணை உண்டு. முதல் தடவை நான் அதைப் பார்க்கவே இல்லை. ரத்த அழுத்தம் அளவுக்கு மீறி இறங்கிச் சிக்கலானது 120 குழுவில் 2.4 சதவீதம், மற்றதில் 1.4. மயங்கி விழுந்தது 2.3, மற்றதில் 1.7. சிறுநீரகம் திடீரெனப் பழுதானதும் 120 குழுவில்தான் அதிகம். அக்காவின் கதவு நிலை எனக்கு அங்கே தெரிந்தது.

கடைசியாகக் கலந்தாய்வுப் பகுதியிடம் கேட்டது: ஆசிரியர்கள் தாங்களே ஒப்புக்கொள்ளும் குறை என்ன? சர்க்கரை நோயாளிகளுக்கும், பக்கவாதம் வந்தவர்களுக்கும், 50 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும் இந்த முடிவு பொருந்தும் என்று சொல்ல முடியாது என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். முதியோர் இல்லங்களில் இருப்பவர்களை ஆய்வில் சேர்க்கவில்லை என்பதையும் சொல்லியிருக்கிறார்கள். ஆக, இந்தக் கட்டுரை அக்காவுக்கு நல்லது என்றும் சொல்லவில்லை, கெட்டது என்றும் சொல்லவில்லை. அவரைப் பற்றிப் பேசவே இல்லை. பேசியதாக நான்தான் ஆக்கிவிட்டேன்.

14 பக்கம் என் நோட்டில் ஒன்றரைப் பக்கமானது. பிறகு கட்டுரையை மூடி வைத்துவிட்டு, குறிப்பை மட்டும் வைத்து ஒரு சோதனை செய்தேன். நம் குடும்பத்தில் ஐந்து பேரை நினைத்துக்கொண்டு, ‘இது இவருக்கா?’ என்று ஒவ்வொருவருக்கும் கேட்டேன். அக்காவுக்கு இல்லை. இரண்டு வருடம் முன் பக்கவாதம் வந்த சித்தப்பாவுக்கு இல்லை. 44 வயதாகும் மருமகனுக்கு இல்லை. என் மனைவிக்கும் எனக்கும் வரலாம், அதையும் டாக்டர்தான் சொல்ல வேண்டும். குறிப்பை வைத்து இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடிந்ததால் சுருக்கம் சரி என்று விட்டேன். வாட்ஸ்அப்பில் நான் போட்ட இரண்டு வரியை வைத்துக் கேட்டுப் பாருங்கள், ஐந்து பேருக்கும் ‘ஆம்’ என்றுதான் வரும்.

குழுவில் நான் போட்ட பழைய செய்தியைப் பொருட்படுத்தாதீர்கள். அதை வேறு எங்காவது அனுப்பியிருந்தால், தயவுசெய்து இந்தப் பதிவையும் அங்கே அனுப்பிவிடுங்கள். மருந்தை யாரும் தாமாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

நேற்று அக்காவிடம் நோட்டைப் படித்துக் காட்டினேன். முழுவதையும் கேட்டுவிட்டு, “இத மொதல்லயே எழுதியிருந்தா நான் ஏன்டா அரை மாத்திரையப் போடப்போறேன்?” என்றார். நோட்டின் மேலே நானே சிவப்பு மையால் ஒரு சுழி போட்டுக்கொண்டேன்.