'சி'க்குப் பிறகு

போன்ஜூர், அவருடைய முதற்பெயர், ஒரு காற்புள்ளி. எங்கள் பிரிவுக்கு வரவேற்கிறேன் என்று ஒரு வரி. அடுத்த வரியில் 'சி' என்று தட்டியதும் விரல் நின்றுவிட்டது. ஏதும் தேவையென்றால் கேட்கலாம், இவ்வளவுதான் சொல்ல வேண்டியது. 'சி'க்குப் பிறகு 'த்யூ' வந்தால் நீ, 'வூ' வந்தால் நீங்கள். அன்றுதான் வேலைக்கு வந்திருந்த அந்த அம்மாவை நான் இன்னும் நேரில் கண்டிருக்கவில்லை. 25 வருட அனுபவம் உள்ளவர் என்று மட்டும் தெரியும்.

பிரெஞ்சு எனக்குக் குசினியில் வந்த மொழி. பரிஸுக்கு வந்த புதிதில் உணவகமொன்றில் கோப்பை கழுவினேன். அங்கே தலைமைச் சமையற்காரர் தொடக்கம் எல்லோருக்கும் 'த்யூ'தான். பிறகு கணக்குப் பிரிவில் வேலை கிடைத்தபோது, அதே பழக்கத்தில் மூத்த ஊழியர் ஒருவருக்கு 'த்யூ' போட்டு எழுதிவிட்டேன். பதில் அன்பாகத்தான் வந்தது. ஆனால் வரிக்கு வரி 'வூ'. பிழையை யாரும் எடுத்துச் சொல்வதில்லை. நீ என்றவருக்கு நீங்கள் என்று பதில் எழுதிவிடுவார்கள், விளங்கிக்கொள்ள வேண்டும். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

யாழ்ப்பாணத்தில் எங்களுக்கு மூன்று உண்டு. நீ, நீங்கள், இடையில் நீர். கணக்கு வாத்தியார் 12 வயதுப் பொடியனான என்னை, "நீர் வாரும், இதைச் செய்து காட்டும்" என்று கரும்பலகைக்கு அழைப்பார். சோக்கட்டியை வாங்கும்போது என் முதுகு தானாக நிமிரும். அந்த நீரைப் பிரெஞ்சில் எத்தனையோ வருடம் தேடினேன். தனிச் சொல்லாக அது இல்லை, இரண்டு சொற்களைச் சேர்த்தால் கிடைக்கிறது. 'மதாம்' என்று தொடங்கி 'வூ' எழுதினால் வாசலில் நின்று பேசுவது போலிருக்கும். முதற்பெயர் சொல்லி 'வூ' எழுதினால் விறாந்தையில் கதிரை போட்டு இருத்தியதாகிவிடும்.

அப்படியே எழுதினேன். 'சி வூசாவே பெஸ்வான்', உங்களுக்குத் தேவையிருந்தால். அதற்குப் பின் வழமையாக வரும் 'தயங்க வேண்டாம்'. அதிலேதான் கை வழுக்கியது. 'நெசித்தே பா' என்பதற்குப் பதில் 'நெசித் பா' என்று வந்துவிட்டது. வினையின் வால் அறுந்தால் மேலே நீங்கள், கீழே நீ. முழுவதும் 'த்யூ' எழுதினாலும் பொறுப்பார்கள். பாதியில் மாறினால், எழுதியவர் தன்னை என்னவாக நினைக்கிறார் என்று வாசிப்பவர் யோசிக்கத் தொடங்குவார். வாலைத் திருத்தி, கடைசியில் 'உங்கள்' என்பதற்கு 'வோத்ர்' இருக்கிறதா என்றும் பார்த்துவிட்டு அனுப்பினேன்.

கால் மணி நேரத்தில் பதில் வந்தது. நன்றி சொல்லி, கீழே 'ஓன் ப்யூ ஸ த்யூத்துவாயே, சி வூ வூலே' என்று எழுதியிருந்தார். நாங்கள் நீ போட்டே கதைக்கலாம், நீங்கள் விரும்பினால். நீ என்பதற்கான அழைப்பு 'வூ'வில் வந்திருந்தது. மூத்தவர் அவர், கேட்க வேண்டியவரும் அவரே. அந்த வரியில் அவருடைய 'சி'யை இரண்டு முறை வாசித்தேன். பிறகு 'மெர்சி ஆ துவா', உனக்கும் நன்றி, என்று எழுதினேன். முதுகு நிமிர்ந்திருந்தது.