கொட்டிப் பார்த்த காகிதம்

டெல்லியின் பழைய ராஜேந்திர் நகரில் நான் தங்கியிருந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. குடிமைப் பணித் தேர்வுக்குப் படிக்க வந்தவனுக்கு அது பெரிய குறையாகவும் தெரியவில்லை. லக்ஷ்மிகாந்தின் அரசியலமைப்புப் புத்தகத்தை அதற்குள் மூன்று முறை முடித்திருந்தேன். மஞ்சள் மை படாத வரியைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அறையில் கூட இருந்தவர் தூத்துக்குடிப் பக்கத்து அண்ணன். என்னைவிட இரண்டு தேர்வு கூடுதலாகத் தோற்றவர். அந்த அனுபவத்துக்குரிய பொறுமையும் அவரிடம் இருந்தது.

ஒரு ஜனவரி இரவு நெருக்கடி நிலை அத்தியாயத்தை மூடிவிட்டு, "முடிச்சாச்சுண்ணே" என்றேன். "அப்படியா? கீழே போய் டீ குடிச்சிட்டு வா. வந்து கொட்டிப் பாரு" என்றார். பிளர்ட்டிங் என்று பெயர் பெற்ற முறைக்கு அவர் வைத்திருந்த பெயர், கொட்டுவது. படித்த சூட்டில் எழுதினால் கண்ணில் நிற்பதைக் காப்பியடிப்பதுதான் நடக்கும். அதனால்தான் அந்த டீ.

திரும்பி வந்ததும் ஒரு வெள்ளைத் தாள், நீலப் பேனா, பதினைந்து நிமிடம். தலைப்பு, "352" என்ற பிரிவு எண் மட்டும். வரிசை, அழகு எதுவும் வேண்டாம். புத்தகத்தை எட்டிப் பார்க்கக் கூடாது. ஆறாவது நிமிடத்தில் ஊற்று வற்றிவிட்டது. எழுந்திருக்கப் போனேன். "உக்காரு. இனிமே வர்றதுதான் உன்னோடது" என்றார். உட்கார்ந்திருந்ததில் மேலும் நான்கு வரி கிடைத்தது.

பிறகு சிவப்புப் பேனாவோடு புத்தகத்தைத் திறந்தோம். 1975 ஜூன் 25 இரவு பிரகடனம், மறுநாள் காலைதான் அமைச்சரவைக்குத் தெரிந்தது, அதனால் 1978இன் 44ஆவது திருத்தம் அமைச்சரவையின் எழுத்துப்பூர்வப் பரிந்துரையைக் கட்டாயமாக்கியது: இதெல்லாம் பிசகின்றி வந்திருந்தது. கதையோடு ஒட்டியிருந்தது தங்கிவிட்டது. மக்களவையில் பத்தில் ஒரு பங்கினர் எழுதிக் கொடுத்தால் பதினான்கு நாளில் சிறப்புக் கூட்டம் என்பது எழுதப்படவே இல்லை. அதை ஓரத்தில் சிவப்பில் சேர்த்தேன்.

அண்ணன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவர் விரல் வேறோர் இடத்தில் நின்றது. நாடாளுமன்றம் இரண்டு மாதத்துக்குள் ஒப்புதல் தர வேண்டும் என்று எழுதி, அடிக்கோடும் போட்டிருந்தேன். அது 356இன் கெடு, மாநிலங்களில் குடியரசுத் தலைவர் ஆட்சிக்கு உரியது. 352க்கு ஒரு மாதம்தான். விட்டுப்போனதற்குக் கோடு, தப்பாக வந்ததற்கு வட்டம் என்பது அவர் கணக்கு. தெரியாத கேள்வியைத் தேர்வில் விட்டுவிடலாம். இப்படி நிச்சயமாகத் தெரிந்ததில் ஒவ்வொன்றுக்கும் மூன்றில் ஒரு பங்கு மதிப்பெண் போகும்.

படிப்பதற்கும் எழுதிப் பார்ப்பதற்கும் உள்ள வித்தியாசம், உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கேயும் 2006இல் வெளியிட்ட சோதனையில் எண்ணாகவே இருக்கிறது. ஒரு பகுதியை நான்கு சுற்றும் படித்தவர்கள், ஐந்து நிமிடம் கழித்து 83 சதவீதம் நினைவுகூர்ந்தார்கள். ஒரு சுற்று படித்து மூன்று சுற்று எழுதிப் பார்த்தவர்களுக்கு 71. ஒரு வாரம் கழித்து முன்னவர்களிடம் இருந்தது 40, பின்னவர்களிடம் 61. அந்தச் சோதனையில் எழுதியதை மூலத்தோடு ஒப்பிடுவதுகூடக் கிடையாது. என் மூன்று வாசிப்பும் அந்த ஐந்து நிமிடச் சுகம்தான்.

சிவப்பில் திருத்திய தாளைப் படித்துவிட்டுப் படுத்தால், அது நான்காவது வாசிப்பு. எனவே மறுநாள் அதைத் தொடாமல் புதுத் தாள். மூன்று நாள் கழித்து இன்னொன்று. ஒப்பிடும்போது "அட, இது தெரியுமே" என்று கை தாராளமாகும். தாளில் இல்லையென்றால் தெரியாது, அவ்வளவுதான். ஒரு முழு அத்தியாயத்தைக் கொட்டினால் ஒப்பிடவே ஒரு மணி நேரம் போய்விடும் என்பதால் ஒரு தாளுக்கு ஒரு பிரிவோடு நிறுத்திக்கொண்டேன்.

358, 359 பிரிவுகளை மட்டும் சேர்த்தே கொட்டினேன். அவற்றின் மூன்றாவது தாளிலும் ஒரு வட்டம் அதே இடத்தில் விழுந்தது. ஒன்றின் வேலையை மற்றொன்றுக்குக் கொடுத்துக்கொண்டே இருந்தேன். "இது ஞாபகக் கோளாறு இல்ல தம்பி. இத தமிழ்ல எழுது, பாப்போம்" என்றார் அண்ணன். எழுத ஆரம்பித்தேன், "அடிப்படை உரிமைகள்..." என்று தொடங்கிய வாக்கியம் பாதியில் நின்றது. எந்த உரிமை, யார் நிறுத்துவது? ஆங்கிலச் சொற்றொடராக மனப்பாடம் செய்ததில் அந்தக் கேள்வியே எழுந்ததில்லை. அன்று அந்த ஒன்றரைப் பக்கத்துக்கு மட்டும் இரண்டு மணி நேரம்.

நான்காவது தாளில் இப்படி இருந்தது: போர் அல்லது வெளி ஆக்கிரமிப்பால் நெருக்கடி வந்தால் 19ஆவது பிரிவின் சுதந்திரங்கள் தாமாகவே நின்றுவிடும், அது 358. மற்ற உரிமைகளுக்காக நீதிமன்றம் போவதை நிறுத்தக் குடியரசுத் தலைவர் தனியாக உத்தரவு போட வேண்டும், அது 359. அந்த உத்தரவும் 20, 21ஐத் தொட முடியாது. அண்ணன் படித்துவிட்டு சிவப்புப் பேனாவை மூடினார்.